கடை திறக்கும் முன் பதினைந்து பார்சல்கள்

காரைக்குடியில் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்பும் கடை நடத்துகிறேன். ஊருக்கு அறிவிக்கும் முன் சொந்தபந்தங்களுக்கு மட்டும் விற்றுச் சோதித்தது பற்றிச் சொல்லப்போக, வந்த கேள்விகள் இவை.

பள்ளத்தூரிலிருந்து: ஆச்சி, அடுத்த மாதம் இணையத்தில் பலகாரக் கடை தொடங்குகிறேன். முதலில் உறவுக்காரர்களுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சும்மா அனுப்பலாமா, காசு வாங்கலாமா?

வாங்குங்கள். கூரியர் செலவு உட்பட முழுத் தொகை. சும்மா வந்த தேன்குழல் தூளாகியிருந்தாலும் உங்கள் மாமியார் "ருசியாக இருந்தது" என்றுதான் சொல்வார். காசு கொடுத்தவர்தான் வாய் திறப்பார்.

அவர்களை ஆர்டரும் கடையின் பக்கத்தில் போய்த்தான் போடச் சொல்லுங்கள். என் சித்தப்பா போனில் அழைத்து, "சீப்புச் சீடை ஒரு கிலோ எழுதிக்கொள்" என்றார். மறுத்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தைத் திறந்தவர், பாதியில் நின்றுவிட்டார். அதில் கதவு எண் இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அவர் வீட்டுக்கு முன்னோர் பெயரின் தலையெழுத்துகளால் ஆன விலாசம்தான் அடையாளம். எண் அவருக்கே நினைவில்லை. அன்றே அந்தக் கட்டத்தை "கதவு எண் அல்லது வீட்டு விலாசம்" என்று மாற்றினேன். போனில் எழுதிக்கொண்டிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

தேவகோட்டையிலிருந்து ஒரு பெரியவர்: தங்கச்சி, சொந்தக்காரர்களிடம் காசு வாங்குவது நம் பக்கத்து முறையா? "உடையும் பொருள்" என்று சிவப்பில் எழுதி ஒட்டினால் போதாதா? நான் மகளுக்கு வருஷக்கணக்காக அப்படித்தான் அனுப்புகிறேன், ஒன்றும் உடைந்ததில்லை.

முறை பற்றி உங்களோடு வாதிட மாட்டேன் அண்ணே, எங்கள் வீட்டிலேயே அது இன்னும் முடியாத வழக்கு. சிவப்பு எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். கூரியர்க் கிடங்கில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். படித்துப் பார்த்து இறக்க அங்கே நேரமில்லை.

என் முதல் சுற்றில் 15 பார்சல்கள். ஒவ்வொன்றிலும் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அரைக் கிலோ வீதம். பெட்டி 30 x 25 x 20 செ.மீ., மிச்ச இடத்தில் செய்தித்தாள். 6 பெட்டிகளில் தேன்குழல் நொறுங்கிப்போனது. பிரிக்கும் முன் பெட்டியை ஒரு படம், திறந்ததும் ஒரு படம், பாக்கெட்டை ஒரு படம் எடுத்து அனுப்பும்படி எல்லோரிடமும் கேட்டிருந்தேன். அதில்தான் விஷயம் பிடிபட்டது: அந்த 6 பெட்டிகளில் 4 வெளியே ஒரு நெளிவுகூட இல்லாமல் போயிருந்தன. மேலே பாரம் ஏறி நொறுங்கவில்லை. வழியில் செய்தித்தாள் அமுங்கி, பாக்கெட்டுகள் உள்ளுக்குள்ளேயே உருண்டு நொறுங்கியிருக்கின்றன.

பெரிய பெட்டி காசையும் தின்றது. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் பணம் கேட்கிறார்கள். என் பெட்டி 15,000-ஐ 5000-ஆல் வகுத்தால் 3 கிலோ, தராசில் 1.8 கிலோதான். காற்றுக்குக் கூலி கொடுத்திருக்கிறேன். இரண்டாம் சுற்றில் பெட்டியை 24 x 20 x 15 ஆக்கினேன். கணக்கு 1.44 கிலோவுக்கு இறங்கியதால், தராசு எடைக்கே பணம் கட்டினேன். தேன்குழலை மட்டும் கெட்டியான வட்ட டப்பாவில், காசு அடுக்குவதுபோல் அடுக்கி, மேலும் கீழும் தாள் வைத்து மூடினேன். 10 பார்சலில் ஒன்றுதான் உடைந்தது.

இப்போதெல்லாம் அனுப்பும் முன் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குகிறேன். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் மறுபடி கட்டுவேன். புது வகைப் பெட்டி என்றால் இடுப்பு உயரத்திலிருந்து ஆறு பக்கமும் ஒரு மூலையும் தரையில் படும்படி போட்டுப் பார்ப்பேன். வீட்டில் உடைந்தால் நஷ்டம் அரைக் கிலோதான், அதுவும் பிள்ளைகள் வாய்க்குப் போகும்.

கோட்டையூரிலிருந்து: முறுக்கு நமுத்துவிட்டது என்கிறார் என் நாத்தனார். பாக்கெட்டை நன்றாகத்தான் ஒட்டினேன். கூரியர்க்காரர்கள் மழையில் நனைத்திருப்பார்களோ?

அவர்கள்மேல் பழி போடும் முன் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பாக்கெட்டை வீட்டிலேயே எடுத்து வையுங்கள். நாத்தனாருக்குப் பார்சல் கிடைக்கும் நாளில் நீங்களும் உங்களுடையதைப் பிரியுங்கள். அதுவும் நமுத்திருந்தால் தவறு உங்கள் அடுப்படியில். பெரும்பாலும் சூடு ஆறுவதற்குள் கட்டியிருப்பீர்கள். ஆவி உள்ளேயே தங்கிவிடும். ஒட்டிய கொஞ்ச நேரத்தில் பாக்கெட்டின் உள்பக்கம் மங்கினால் அதுதான் அடையாளம்.

உங்களுடையது மொறுமொறுப்பாக இருந்தால் ஒட்டிய இடத்தைச் சோதியுங்கள். ஒரு பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அழுத்தினால் கசிவு குமிழியாகத் தெரியும். அப்புறம், அதிரசத்தையும் முறுக்கையும் ஒரே பாக்கெட்டில் போட்டீர்களா? அதிரசத்தின் ஈரம் முறுக்குக்குப் போய்விடும்.

காரைக்குடியிலிருந்து: நான் கண்டாங்கிச் சேலை விற்கப்போகிறேன். உடைய ஒன்றுமில்லை. எனக்கும் இது தேவையா?

நான் பலகாரக்காரி, சேலையில் பாதிதான் தெரியும். ஆனால் உங்களுக்குச் சிக்கல் போகும் வழியில் இருக்காது, திரும்பி வரும் வழியில் இருக்கும். படத்தில் பார்த்த அரக்கு நிறம் நேரில் வேறாகத் தெரிந்தால் சேலை திரும்பும். உறவில் இரண்டு பேரை வேண்டுமென்றே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். கூரியர் எடுக்க வருவது, உங்கள் கைக்குச் சேருவது, பணம் அவர்கள் கணக்குக்குத் திரும்புவது, மூன்றுக்கும் எத்தனை நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: சுற்று வட்டாரத்துக்குச் சொந்தமாகப் பையன் வைத்திருக்கிறேன். உள்ளூர்தானே, அதையுமா சோதிக்க வேண்டும்?

அதைத்தான் முதலில். என் பையன் ஒரு வீட்டுக்கு முன் 40 நிமிஷம் நின்றான். வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்வாசல் பூட்டியே கிடக்க, ஆட்கள் புழங்குவது பின்கட்டில். சில வீடுகளில் காவல்காரர் மட்டும்தான், உரிமையாளர் சென்னையில். அதனால் "எந்த வாசல், யார் வாங்கிக்கொள்வார், அவர் போன் எண்" என்று மூன்று கேள்விகளை ஆர்டரிலேயே சேர்த்துவிட்டேன். பையனையும் ஊர் தெரியாதவனாகப் பார்த்து அனுப்புங்கள். தெரிந்தவன் விலாசத்தைப் படிக்க மாட்டான், வீட்டை நினைத்துப் போவான். அந்தத் தவறு உங்கள் கண்ணில் படாது.

பெயர் வேண்டாம் என்றவர்: அத்தை எங்கள் கடை இணைப்பை வாட்ஸப்பில் நான்கு குழுக்களில் போட்டுவிட்டார். ஒரே இரவில் 40 ஆர்டர். சோதனையா, திறப்பு விழாவா?

அத்தைகளை யாராலும் தடுக்க முடியாது. இருப்பு எண்ணிக்கையைத் தடுக்கலாம். ஒரு நாளைக்கு 5 என்றால் பக்கத்தில் 5 மட்டும் வையுங்கள். ஆறாவது ஆள் வரும்போது தானாக மூட வேண்டும். மூடுகிறதா என்பதும் சோதனைதான். இந்த 40 பேருக்கும் இன்றே நாள் சொல்லிவிடுங்கள், காத்திருக்க மனமில்லாதவர்களுக்குப் பணத்தைத் திருப்புங்கள்.

புதுவயலிலிருந்து: சொந்தக்காரர்களுக்குத்தானே, லேபிளும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

காசு வாங்கினால் அது விற்பனை. பதிவை முதலில் முடியுங்கள். சேர்மானம், எடை, செய்த தேதி, பதிவு எண் எல்லாம் உள்ள லேபிளையே இப்போதும் ஒட்டுங்கள். எண்ணெய்க் கை பட்டால் மை அழிகிறதா என்று வேறு எப்போது பார்ப்பது?

பள்ளத்தூர், மறுபடி: எத்தனை பார்சலுக்குப் பிறகு ஊருக்கு அறிவிப்பது ஆச்சி?

தொடர்ந்து 10 பார்சல், நான் யாருக்கும் போன் செய்யாமல், யாரும் எனக்குப் போன் செய்யாமல் போய்ச் சேர வேண்டும் என்று வைத்திருந்தேன். எட்டாவதில் ஒன்று தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. இது என் கணக்கு. பக்கத்துத் தெருக் கடைக்காரர் மழைக்காலம் ஒன்றைப் பார்க்காமல் திறக்கவே கூடாது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அவ்வளவு பொறுமை எனக்கு இல்லை.

தேவகோட்டைப் பெரியவர், மறுபடி: மகளிடம் கேட்டேன். நான் அனுப்பியதெல்லாம் பிஸ்கட் தகர டப்பாவில் வைத்து, சுற்றிலும் பழைய வேட்டியைத் திணித்தாம். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அண்ணே, அந்த டப்பாவின் அளவைச் சொல்லுங்கள்.