பேச்சு வேண்டாம், பட்டியல் போதும்: கேள்வி பதில்

அமெரிக்க உளவுத் துறையில் வேலை பார்த்த ஸ்னோடன் அம்பலப்படுத்தியது, அமெரிக்கா எல்லாருடைய போனையும் ஒட்டுக்கேட்டதைத்தானே?

பாதி சரி. 2013 ஜூனில் முதலில் வெளியானது வெரைசன் போன் நிறுவனத்துக்கு ரகசிய நீதிமன்றம் போட்ட உத்தரவு. அது கேட்டது பேச்சை இல்லை. யார் யாரை எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்ற பட்டியலை, தினமும். அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ அதை 5 ஆண்டு வைத்திருந்தது. சந்தேக எண் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து மூன்று சுற்று வரை தேடலாம். ஆளுக்கு 40 பேருடன் தொடர்பு என்று வைத்தால் முதல் சுற்றில் 40 பேர், அடுத்து 1,600, அப்புறம் 64,000. நடுவில் ஒரு பீட்சா கடை எண் வந்துவிட்டால் ஊரே உள்ளே.

எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் வருகிறவர்களின் நம்பரை நோட்டில் எழுதி வாங்குகிறார். திருட்டு நடந்தால்தான் புரட்டுவோம் என்கிறார் செக்ரட்டரி. நான் சண்டை போட்டது தப்பா?

சண்டை பற்றித் தெரியாது! ஆனால் உங்கள் செக்ரட்டரி சொன்னதையேதான் என்எஸ்ஏவும் சொன்னது: 2012இல் 300க்கும் குறைவான எண்களை வைத்துத்தான் தேடினோம், மற்றதை யாரும் பார்க்கவில்லை, பார்க்காததில் என்ன அத்துமீறல்? எதிர்த்தவர்களுக்கோ எழுதி வாங்கியதே அத்துமீறல். நள்ளிரவில் தற்கொலைத் தடுப்பு எண்ணுக்கு ஒரு அழைப்பு. என்ன பேசினார் என்று கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்? 2013 டிசம்பரில் வாஷிங்டன் நீதிபதி ஒருவர் இத்திட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானதாகவே தெரிகிறது என்றார். அதே மாதம் நியூயார்க் நீதிபதி செல்லும் என்றார்.

ஒரு குண்டுவெடிப்பைத் தடுத்திருந்தாலும் போதும். தடுத்ததா இல்லையா?

உளவுத் திட்டங்கள் 54 சம்பவங்களில் உதவின என்று முதலில் சொன்னார்கள். குடைந்து கேட்டபோது, இந்தப் பட்டியலால் கிடைத்ததென்று காட்ட முடிந்தது ஏறக்குறைய ஒன்றே: சோமாலியாவின் தீவிரவாத அமைப்பான அல்-ஷபாபுக்குச் சுமார் 8,500 டாலர் அனுப்பிய சான் டியேகோ டாக்சி ஓட்டுநர். குண்டு எதுவும் இல்லை. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பட்டியல் சேகரித்தது சட்டவிரோதம் என்றது, அவர் தண்டனையை மட்டும் ரத்து செய்யவில்லை.

நான் ராணுவத்தில் இருந்தவன். 2001 செப்டம்பருக்கு முன்பே இது இருந்திருந்தால்?

ஆதரவாளர்களின் பலமான வாதம் இதுதான். விமானக் கடத்தல்காரர்களில் ஒருவர் 2000இல் சான் டியேகோவில் இருந்தபடி யேமனில் அல்-காய்தாவின் வீட்டுக்கு போன் செய்தார். என்எஸ்ஏ அதைக் கேட்டது. அழைப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது தெரியவில்லை என்கிறது. எதிர்த்தரப்பு சொல்வது: யேமன் எண் கையிலேயே இருந்ததே, அந்த ஒரு எண்ணின் விவரத்தைக் கேட்டிருந்தாலே போதும். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் எந்த எண்ணைக் கேட்பது என்றே தெரியாத நாளுக்குத்தான் பட்டியல் என்று அவர்கள் சொன்னால், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2015இல் அமெரிக்காவில் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு பட்டியல் போன் நிறுவனங்களிடமே இருந்தது. அரசு தேடும் எண்ணைக் குறிப்பிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது. அந்த அதிகாரமும் 2020இல் காலாவதியாகிவிட்டது.