பழைய பாலிசியில் 30 சதவீதம் என்று இருக்கிறது, அதையே போடலாமா?

*"என் பஜாஜ் பல்சருக்கு புல் இன்சூரன்ஸ் இந்த மாதம் 24ஆம் திகதி முடிகிறது. வேறு கம்பனியில் கட்டணம் குறைவு என்று கூட்டாளி சொன்னதால் ஒன்லைனில் பார்த்தேன். பழைய பாலிசி இலக்கம், நோ கிளைம் போனஸ் எத்தனை வீதம், செஸி இலக்கம் எல்லாம் கேட்கிறது. பாலிசியில் போனஸ் 30 சதவீதம் என்று இருக்கிறது. ஆனால் பங்குனியில் ஹெட்லைட் உடைந்து ஒரு சின்ன கிளைம் எடுத்தேன். 30 என்றே போடலாமா?" – வாசகர், கொட்டாஞ்சேனை*

போடக் கூடாது, தம்பி. நீங்கள் ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கையில் இருக்கும் தாள்தான் 30 என்றே போடலாம் என்று உங்களை நினைக்க வைக்கிறது.

பாலிசித் தாளில் அச்சாகியிருக்கும் 30 சதவீதம், இந்த வருடம் தொடங்குவதற்கு முன்னால் நீங்கள் கிளைம் எடுக்காமல் ஓட்டிய வருடங்களுக்குக் கிடைத்தது. அந்தக் கழிவை இந்த வருடக் கட்டணத்தில் ஏற்கெனவே அனுபவித்துவிட்டீர்கள். வரும் வருடத்துக்கான வீதத்தை, முடியப்போகும் இந்த வருடத்தில் என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். கிளைம் இல்லையென்றால் ஒரு படி ஏறும். இருந்தால் கம்பனியின் அட்டவணைப்படி இறங்கும், சில இடங்களில் அடியோடு பூச்சியத்துக்கே போகும். எத்தனை படி என்பது கம்பனிக்குக் கம்பனி வேறு. ஆகவே பார்க்க வேண்டியது பாலிசித் தாளை அல்ல, புதுப்பிக்கச் சொல்லி பழைய கம்பனி அனுப்பும் அறிவித்தலை. அது வராவிட்டால் கிளைக்கு அழைத்து, 'அடுத்த வருடத்துக்கு எனக்குள்ள நோ கிளைம் போனஸ் எத்தனை?' என்று அதே வார்த்தையில் கேளுங்கள். 'என் போனஸ் எத்தனை?' என்று மட்டும் கேட்டால் கணினியில் உள்ள பழைய 30ஐ வாசித்துவிடுவார்கள்.

அந்த ஹெட்லைட் கிளைம் லாபமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். அடிப்படைக் கட்டணம் 16,000 ரூபா என்று வையுங்கள். 30 சதவீதம் கழித்தால் 11,200. போனஸ் பூச்சியமானால் முழு 16,000. வித்தியாசம் 4,800, அதற்கு மேல் 18 சதவீத வற் வரியும் சேர 5,664 ரூபா. ஹெட்லைட் பில் 7,500 ஆகி, அதில் நீங்களே பொறுக்க வேண்டிய எக்சஸ் 2,500 போயிருந்தால் கம்பனி தந்தது 5,000. முதல் வருடத்திலேயே 664 ரூபா நட்டம், பழைய படிக்கு ஏறும்வரை வருடாவருடம் இன்னும் கொஞ்சம் போகும். கிளைம் தொகையைத் திருப்பிக் கட்டி போனஸைக் காப்பாற்ற உங்கள் கம்பனி விடுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மறுத்தால் போகட்டும், கேட்பதற்குக் காசில்லைதானே. இன்னொன்று: போனஸ் கழிவு அடிப்படைக் கட்டணத்தில்தான். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதத்துக்கான தனிக் கட்டணத்தில் அது கழியாது. அதனால்தான் '30 சதவீதம்' என்பது மொத்தப் பில்லில் 30 சதவீதமாகத் தெரிவதில்லை.

30 என்று போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒன்லைன் படிவம் அந்த நிமிடமே நம்பிவிடும், கட்டணமும் குறைவாகக் காட்டும். கூட்டாளி பார்த்த 'குறைந்த கட்டணம்' அப்படிக் கூட வந்திருக்கலாம். புதிய கம்பனி அதைத் தற்காலிகமாக ஏற்று, பழைய கம்பனியிடமிருந்து போனஸ் உறுதிக் கடிதம் வாங்கி வரச் சொல்லும். கிளைம் விவரம் அந்தக் கடிதத்தில் வெளிவரும், வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அது நல்ல முடிவு. கெட்ட முடிவு, கடிதம் கேட்கப்படாமல் வருடம் ஓடி, பெரிய விபத்துக்குப் பிறகு கிளைம் பிரிவு பழைய வரலாற்றைத் தேடுவது. சொன்னது பொய் என்று காட்டி அப்போது தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ இடமிருக்கிறது. எனவே கடிதத்தை முதலில் எடுங்கள், படிவத்தை அப்புறம் நிரப்புங்கள். 24ஆம் திகதிக்கு முன்னால் கையில் இருக்கும்படி இந்த வாரமே கேளுங்கள்.

பழைய பாலிசி இலக்கத்தில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. பாலிசி இலக்கம், காப்புறுதிச் சான்றிதழ் இலக்கம், கட்டணப் பற்றுச்சீட்டு இலக்கம் என்று ஒரே உறைக்குள் மூன்று இருக்கும். பணப்பையில் நாம் வைத்திருப்பது சான்றிதழ்தான், அதில் பெரிதாகத் தெரியும் இலக்கத்தைத் தட்டிவிடுகிறோம். பாலிசி அட்டவணைத் தாளின் தலைப்பில் இருக்கும் இலக்கத்தை, சாய்கோடு, இடைக்கோடு எல்லாம் உட்பட அப்படியே போடுங்கள்.

இனி செஸி இலக்கம். இதைப் பாலிசியிலிருந்து பார்த்து எழுதாதீர்கள். முதல் வருடம் யாரோ தவறாகத் தட்டியிருந்தால் அந்தப் பிழை வருடாவருடம் தொடர்ந்துகொண்டேயிருக்கும். சி.ஆர். புத்தகத்தைத் திறந்து வையுங்கள், அது லீசிங் கம்பனியிடம் இருந்தால் பிரதி கேளுங்கள். பிறகு பைக்கிடம் போய், ஹேண்டிலை இடது பக்கம் திருப்பி, அதன் கழுத்துப் பகுதியில் வலது பக்கம் குத்தியிருக்கும் எழுத்துகளை ஈரத் துணியால் துடைத்து, போனில் ஒரு படம் எடுங்கள். இந்தியாவிலிருந்து வந்த பஜாஜ் என்றால் 17 எழுத்துகள், MD2 என்று தொடங்கும். 17 எழுத்து செஸி இலக்கங்களில் I, O, Q மூன்றும் வராது. ஆகவே O மாதிரித் தெரிவது பூச்சியம்தான், I மாதிரித் தெரிவது ஒன்றுதான். எஞ்சின் இலக்கத்துக்கு இந்த விதி பொருந்தாது, அதை சி.ஆர். புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். நான் காப்புறுதிக் கம்பனிக் கிளையில் இருந்த காலத்தில், ஒரு 8ஐ B என்று தட்டியதால் ஒருவரின் கிளைம் மூன்று வாரம் இழுபட்டது. பைக் அவருடையதுதான் என்று எல்லோருக்கும் தெரியும், தாளில் மட்டும் அது வேறு பைக்.

சி.ஆர். புத்தகத்தைத் திறந்த கையோடு உரிமையாளர் பெயரையும் பாருங்கள். போனஸ் வண்டிக்கல்ல, காப்புறுதி எடுத்தவருக்கு. பைக்கை வாங்கி இன்னும் பெயர் மாற்றாமல், பழைய உரிமையாளரின் போனஸில் தொடர்கிறீர்கள் என்றால் இந்தக் கேள்விக்கே பதில் மாறிவிடும்.

பைக்கின் பெறுமதிப் பெட்டியை மறந்துவிடாதீர்கள். போன வருடத் தொகை அப்படியே நிரம்பி வரும். 2020இல் இறக்குமதி நின்ற பிறகு பழைய பைக்குகளின் விலை எப்படி ஏறியது என்பது உங்களுக்கே தெரியும். சந்தையில் 6 இலட்சம் போகும் பைக்கை 3 இலட்சம் என்று போட்டால், 40,000 ரூபா திருத்தச் செலவிலும் பாதியைத்தான் தருவேன் என்று கம்பனி சொல்ல முடியும்.

கடைசியாகத் திகதி. பணத்தை 20ஆம் திகதி கட்டினாலும் தொடக்க நாள் 25 என்று போடுங்கள். இன்றைய திகதியை விட்டால் ஏற்கெனவே காசு கட்டிய நாட்கள் வீணாகும். 24 தாண்டிவிட்டால் பைக்கைப் பரிசோதிக்கக் கேட்பார்கள், போனஸும் ஆட்டம் காணலாம். சான்றிதழ் வந்ததும் வாகன இலக்கத்தைப் பாருங்கள். 2023 முதல் வரும் தகடுகளில் மாகாண எழுத்து இல்லை, பழையதில் WP இருக்கும். எப்படியானாலும் பின்னால் வரும் எழுத்தும் இலக்கமும் சரியாக இருக்க வேண்டும். அதில் பிழைத்தால் வருமான அனுமதிப்பத்திரத்தை ஒன்லைனில் எடுக்கப் போகும்போது உங்கள் பைக்குக்குக் காப்புறுதியே இல்லை என்று காட்டும்.