எலும்புக்கறியா, தனிக்கறியா? நான் நிறுத்துப் பார்த்த கணக்கு

கேள்வி: மட்டன் எலும்போட வாங்குறது லாபமா, எலும்பு இல்லாம வாங்குறது லாபமா? எது சீக்கிரம் வேகும், எது ருசி?

இந்த விஷயத்துக்காக என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பேச்சே நடந்தது. ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார், நான் வாங்கி வந்த கறிப்பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "900 ரூபாய் கொடுத்து எலும்பையா வாங்கிட்டு வந்திருக்கே? இன்னும் 250 சேர்த்துப் போட்டா தனிக்கறியே கிடைச்சிருக்கும்ல" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னதால் மனசில் தைத்துவிட்டது. அவர் சொன்னது சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு ஆறவில்லை. கேக் செய்ய வாங்கி வைத்திருந்த சின்ன டிஜிட்டல் தராசை எடுத்து, அடுத்த இரண்டு வாரமும் நிறுத்துப் பார்த்தேன்.

முதல் வாரம் எலும்போடு ஒரு கிலோ, 900 ரூபாய். உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேகவைத்து, நீரை வடித்துவிட்டு, எலும்பிலிருந்து கறியை உருவி நிறுத்தேன். கறி 500 கிராம், எலும்பு 240 கிராம். மீதி வேகும்போதே நீராகவும் கொழுப்பாகவும் சாற்றில் இறங்கிவிட்டது. அடுத்த வாரம் தனிக்கறி ஒரு கிலோ, 1,150 ரூபாய். வெந்தபின் 680 கிராம் நின்றது. எலும்பு இல்லையே, ஒரு கிலோவும் அப்படியே தட்டுக்கு வரும் என்று நினைக்கக் கூடாது. கறி வெந்தால் சுண்டத்தான் செய்யும். எனக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இப்போது வெந்த கறியை வைத்து விலை போடுங்கள். எலும்புக்கறியில் 100 கிராம் 180 ரூபாய், தனிக்கறியில் 169 ரூபாய். ஆக, கறியை மட்டும் கணக்கில் எடுத்தால் நாத்தனார் சொன்னதுதான் சரி. அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கிடைத்த அதே 500 கிராம் வெந்த கறிக்குத் தனிக்கறி முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும், 845 ரூபாயில் முடிந்திருக்கும். நான் கூடுதலாகக் கொடுத்தது 55 ரூபாய். அந்த 55 ரூபாய்க்கு எலும்பு என்ன தந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது.

என் வரையில் அது தந்தது குழம்பு. தனிக்கறி வெந்த நீரைக் கரண்டியில் எடுத்து ஊற்றினால் தண்ணீராக ஓடுகிறது. எலும்புக்கறி வெந்த நீர் விரலில் பட்டால் லேசாக ஒட்டுகிறது. கொஞ்சம் எடுத்து ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தேன், காலையில் கிண்ணத்தைச் சாய்த்தால் அல்வா மாதிரி ஆடியது. எலும்பைச் சுற்றியுள்ள சவ்வும் நரம்பும் மூட்டுக் குருத்தும் வெந்து கரைந்து அந்தப் பிசுபிசுப்பைத் தருகின்றன, அதோடு நல்லியிலிருந்து மஜ்ஜை இறங்குகிறது. ருசி அங்கிருந்துதான் வருகிறது. வெறும் எலும்பின் கெட்டிப்பகுதி குழம்புக்குப் பெரிதாக எதுவும் தருவதில்லை. எலும்பு சூப்பில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, அதில் அது கொஞ்சம்தான் இறங்கும். அன்றைக்குக் குழம்பு மத்தியானச் சோற்றுக்கும் மறுநாள் காலை இட்லிக்கும் வந்தது. தனிக்கறிக் குழம்பைக் கெட்டியாக்க நான் தேங்காயும் கசகசாவும் கூடுதலாக அரைக்க வேண்டியிருந்தது. அதுவும் காசுதானே?

உங்கள் கடையில் விலை வேறாக இருக்கும். என் எடையை வைத்துப் பார்த்தால், தனிக்கறி விலை எலும்புக்கறி விலையைப் போல் ஒன்றேகால் மடங்கைத் தாண்டி ஒன்றரை மடங்கை நெருங்கும்போது, அதாவது 900-க்கு 1,220 பக்கம் வரும்போது, இரண்டும் சமமாகிவிடுகிறது. அதற்குக் கீழே இருந்தால் தனிக்கறி மலிவு. கோழியில் எலும்பு இன்னும் அதிகம், தோலுரித்த முழுக்கோழியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அங்கே ஒன்றரை மடங்கு வரை கொடுக்கலாம்.

இதெல்லாம் கடைக்காரர் ஒழுங்காக வெட்டிப் போட்டால்தான். மூன்றாவது வாரம் அவசரத்தில் வேறொரு கடையில் வாங்கினேன். கழுத்தும் நெஞ்செலும்பும்தான் பாதிக்கு மேல். வெந்தபின் கறி 420 கிராம், 100 கிராம் 214 ரூபாய் ஆகிவிட்டது! தராசை ஆளுயர மேடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கடைசி ஐம்பது கிராமுக்குக் கொழுப்பை எடுத்து வீசுகிற பழக்கம் எப்போதுதான் போகுமோ தெரியவில்லை. பொம்பளை வந்து நின்றால் கேட்க மாட்டாள் என்ற நினைப்பு வேறு. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை, நான் வழக்கமாக வாங்குகிற பாய், கேட்ட துண்டைக் காட்டிவிட்டுத்தான் வெட்டுவார்.

அடுத்தது வேகும் நேரம். எலும்பு இருப்பதால்தான் தாமதமாகிறது என்று பலர் சொல்வார்கள். தொடைக்கறியில் பாதியை எலும்போடும் பாதியை எலும்பெடுத்தும், துண்டை ஒரே அளவாக வெட்டி ஒரே சட்டியில் போட்டுப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எலும்புக்கறி என்று நாம் வாங்குவதில் முன்னங்கால், கழுத்து, நெஞ்சு எல்லாம் கலந்திருக்கும். ஆடு நடக்கவும் மேயவும் உழைத்த சதை அது, சவ்வு அதிகம். அது கரைந்தால்தான் கறி பஞ்சாகும். என் குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து வைத்தால் தனித் தொடைக்கறிக்கு 12 நிமிடம் போதும், கலந்த எலும்புக்கறிக்கு 20 நிமிடம். கிடா முற்றலாக இருந்தால் இன்னும் ஆகும். "ஐந்து விசில்" என்று எழுதுவதை மட்டும் நம்பாதீர்கள். தீயைக் கூட்டி வைத்தால் ஐந்து விசிலும் சீக்கிரம் வந்துவிடும், கறி உள்ளே ரப்பராகவே இருக்கும்.

வெந்ததா என்று பார்க்க எலும்புக்கறியில் சுலபமான அடையாளம் உண்டு. எலும்பின் முனையில் கறி பின்வாங்கி, வெள்ளை எலும்பு அரை அங்குலம் வெளியே தெரியும். தனிக்கறியில் அது இல்லை, கரண்டியால் நசுக்கித்தான் பார்க்க வேண்டும். தாண்டிவிட்டால் நார் நாராகப் பிரிந்து, வாயில் சக்கை மாதிரி இருக்கும். எலும்புக்கறி ஐந்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் அதிலுள்ள சவ்வு கரைந்து, வாயில் வறண்டு போகாமல் காப்பாற்றுகிறது.

கோலா உருண்டைக்கும் உப்புக்கண்டத்துக்கும் தனிக்கறிதான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. குழம்புக்கு நான் இப்போது அரைக் கிலோ தனிக்கறியும், எலும்புக்கறி விலைக்கே கால் கிலோ நெஞ்செலும்பும் சேர்த்து வாங்குகிறேன். 800 ரூபாய் ஆகிறது. எலும்பை முதலில் குக்கரில் 12 நிமிடம் வைத்து, ஆவி அடங்கியதும் திறந்து, மசாலாவோடு தனிக்கறியைப் போட்டு மறுபடி 12 நிமிடம். போன மாதம் நாத்தனார் வந்தபோது இப்படித்தான் வைத்தேன். நல்லி இல்லையே என்று கேட்டார். அடுத்த தடவை நெஞ்செலும்புக்குப் பதிலாக நல்லியாகவே வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன்.