"எங்க, வெளிக்கிட்டாச்சா?"

அன்புள்ள ஐயா,

மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து ஐந்து மாதம். எதிர்வீட்டுப் பெரியவர் காலையில் "எங்க தம்பி, வெளிக்கிட்டாச்சா?" என்று கேட்பார். நான் விவரமாகச் சொல்லத் தொடங்கினால் தலையாட்டிவிட்டு நடந்துவிடுவார். அதே ஆள் இன்னொருவரோடு கேற்றடியில் அரை மணி நேரம் நின்று சுகம் விசாரிக்கிறார். என்னில் ஏதும் பிழையா?

– ஒரு வாசகர், உவர்மலை

அன்புள்ள தம்பி,

ஒரு பிழையும் இல்லை. உங்களைக் கண்டுவிட்டதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். "ஓம் ஐயா, வேலைக்கு" என்றால் போதும். நின்று விளக்கினால், ஏதோ உதவி கேட்கப்போகிறீர்கள் என்று அவருக்குத் தோன்றும்.

நான் கால்களைத்தான் கவனிப்பேன். முகம் மட்டும் தெரிந்தவர்கள் "சுகமா?", "ஓம், நீங்க?" என்று நடந்தபடியே முடித்துவிடுவார்கள். கொஞ்சம் பழகியவரென்றால் நடை தளரும், வெயிலும் மீன் விலையும் பேச்சில் வரும். நண்பரென்றால் சைக்கிளிலிருந்து ஒரு கால் நிலத்தில் ஊன்றும். அப்போது வெறும் "சுகமா?" வராது. "அம்மாட முழங்கால் இப்ப என்ன மாதிரி?" என்று போனமுறை விட்ட இடத்திலிருந்து கேட்பார், பதிலுக்கும் காத்திருப்பார்.

பழைய சிநேகிதர் சுகமே கேட்கமாட்டார். "எங்கயடா செத்துப் போனாய்?" என்று ஏச்சில்தான் தொடங்குவார். அதை வேறு யாரும் சொன்னால் சண்டைதான் வரும். தேத்தண்ணிக்கு இழுத்துப்போய் உட்காரவைத்த பிறகுதான் அம்மா, பிள்ளைகள், வீடு எல்லாம் ஒவ்வொன்றாக வரும்.

இதில் நான் ஒருமுறை பிழை விட்டேன். பதினொரு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த பள்ளித் தோழனைக் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டை வாசலில் கண்டேன். அவசரம். "என்ன மச்சான், சுகமா? பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். மாலையில் அவன் வீட்டுக்குப் போனபோது, "வாங்க, இருங்க" என்றான். முப்பது வருடமாக என்னை 'டேய்' என்று கூப்பிட்டவன் அவன். அந்த 'வாங்க' என்னை எவ்வளவு தூரத்தில் நிறுத்தியது என்று இப்போதும் நினைவிருக்கிறது. 'டேய்' திரும்பிவர ஒரு மணி நேரம் ஆனது.

அப்புறம், இடைவெளியையும் சேர்த்துப் பாருங்கள். தினமும் காணும் உயிர்த்தோழனுக்கு ஒரு "ம்" போதும். ஒரே நாளில் திரும்பத் திரும்பச் சந்திப்பவர்களிடம் முகமன் சுருங்கிக்கொண்டே போவதைச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மனும் கவனித்திருக்கிறார். கேற்றடியில் நின்றவர் பல மாதம் கழித்து வந்த ஆளாக இருக்கலாம்.

இப்போதைக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லுங்கள். ஒருநாள் அவர் வளவு மாமரம் பூத்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். அவர் எப்போதாவது "ஊரில அம்மா எப்பிடித் தம்பி?" என்று கேட்டுவிட்டு நடக்காமல் நின்றால், அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிடுங்கள்.