42 டிகிரி அடித்தும் வெப்ப அலை இல்லையா? கேள்வி பதில்

“வேலூரில் 42 டிகிரி. டிவியில் ‘வெப்ப அலை இல்லை’ என்கிறார்கள். மும்பையில் 38-க்கே அலை என்றார்கள். 40-ஐத் தாண்டினால் வெப்ப அலைதானே?”

பாதி சரி. 40 என்பது வாசல்படி மட்டும்தான். சமவெளியில் ஒரு நிலையம் 40-ஐத் தொட்ட பிறகுதான் இந்திய வானிலைத் துறை கணக்கையே ஆரம்பிக்கும். அப்புறம் பார்ப்பது, அந்த ஊரின் அந்தத் தேதிக்கான இயல்பைவிட எவ்வளவு கூடுதல் என்பதை. 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை, 6.4-ஐயும் தாண்டினால் கடும் வெப்ப அலை.

மே மாதத்தில் உங்கள் ஊரின் இயல்பே 39-ஐ ஒட்டி இருக்கும். அதோடு 4.5 சேர்த்தால் 43.5. உங்கள் 42, இயல்பைவிட மூன்று டிகிரிதான் அதிகம். வேலூருக்கு அது கொடுமையான நாள்தான், ஆனால் அபூர்வமான நாள் இல்லை.

மும்பை கடற்கரை ஊர். அங்கே வாசல்படி 37. 2025 பிப்ரவரி கடைசி வாரத்தில் சாந்தாகுரூஸ் நிலையத்தில் 38.7 பதிவானது. பிப்ரவரியில் அந்த ஊர் பார்க்க வேண்டிய வெயிலைவிட அது கிட்டத்தட்ட ஆறு டிகிரி அதிகம். இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டன.

இன்னொன்றும் உண்டு. ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களாவது இரண்டு நாள் தொடர்ந்து இப்படிக் காய வேண்டும். இரண்டாம் நாள்தான் அறிவிப்பு வரும். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்ந்து ஒரே உட்பிரிவு.

“அப்படியென்றால் ராஜஸ்தான்காரர்களுக்கு அலையே வராதே? அங்கே இயல்பே 42, 43 இருக்குமே?”

நல்ல கேள்வி. இயல்பு 43 என்றால் 47.5 வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மனித உடம்புக்குச் சராசரிக் கணக்கு தெரியாதே! அதனால்தான் தனியாக ஒரு விதி: இயல்பு எதுவாக இருந்தாலும் 45-ஐத் தொட்டால் வெப்ப அலை, 47-ஐத் தொட்டால் கடுமையானது. 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. அங்கெல்லாம் கழித்துப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

“என் காரில் 46 காட்டியது சார், போட்டோ இருக்கிறது. ஏன் அறிவிக்கவில்லை?”

போட்டோவை நம்புகிறேன், காரை நம்பவில்லை. வெயிலில் நின்ற தகரமும் கொதிக்கும் தாரும் சேர்ந்து காட்டிய எண் அது. நிலையத்தில் வெப்பமானி இருப்பது, காற்று புகுந்து போகும்படி பலகைச் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில். அது அளப்பது நிழலில் இருக்கும் காற்றை. இயல்பும் அப்படி அளந்ததுதான் என்பதால், வேறு மாதிரி அளந்த எண்ணை அதோடு ஒப்பிட முடியாது.

“ஊட்டிக்கும் இதே கணக்கா?”

மலைக்கு வாசல்படி 30. இதில்தான் ஒரு வேடிக்கை. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. இயல்பைவிட ஐந்து டிகிரிக்கு மேல் அதிகம், அதாவது விலகல் போதுமானது. ஆனால் 30-ஐத் தொடவில்லை, ஆகவே விதிப்படி அது வெப்ப அலை இல்லை. எந்தக் கோடு போட்டாலும் இப்படி ஒன்றிரண்டு வெளியே விழும்.

“லண்டனில் என் மகள் 28 டிகிரிக்கே ‘ஹீட்வேவ்’ என்கிறாள். சிரிப்பாக இருக்கிறது.”

சிரிக்காதீர்கள் அம்மா. அங்கே வீடுகள் சூட்டை உள்ளே பிடித்து வைக்கக் கட்டப்பட்டவை. பல வீடுகளில் மின்விசிறிகூட இருக்காது. பிரிட்டனில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஓர் எல்லை உண்டு, வடக்கே 25, லண்டன் பக்கம் 28. மூன்று நாள் தொடர்ந்து அதைத் தொட வேண்டும். 2022-ல் சில கவுண்டிகளின் எல்லையை ஒரு டிகிரி ஏற்றினார்கள், ஊரின் சராசரியே ஏறிவிட்டதால்.

நம் இயல்பும் முப்பது வருடச் சராசரிதான். இப்போது 1991 முதல் 2020 வரையிலான கணக்கு. முன்பு 1981 முதல் 2010 வரை. அந்தச் சராசரி மேலே போனால், அதே 43 டிகிரி கொஞ்சம் சாதாரணமாகத் தெரியும். இது எனக்கும் உறுத்தும் விஷயம். ஆனால் பழைய சராசரியையே வைத்திருந்தால் அறிவிப்பு அடிக்கடி வரும், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்ற வாதத்தையும் தள்ள முடியவில்லை.

“சென்னையில் 37-லேயே சட்டை பிழிகிற அளவு வியர்வை. அது கணக்கில் வராதா?”

வராது. மேலே சொன்ன விதி எதிலும் ஈரப்பதம் இல்லை. வியர்வை காயாமல் போனால் உடம்பு குளிராது, வெப்பமானிக்கு அந்தத் தொல்லை கிடையாது. கடற்கரைக்கு 37 என்று இறக்கியது ஓரளவு ஈடுகட்டும், அவ்வளவுதான். இதற்காகத்தான் ‘வெப்பமும் புழுக்கமும்’ என்று தனி எச்சரிக்கை தருகிறார்கள். ஈரப்பதத்தை வரையறைக்குள்ளேயே கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எந்த அளவில் கோடு போடுவது என்று கேட்டால், எங்களுக்குள்ளேயே நாலு பேர் நாலு எண் சொல்வோம்.