கிரியேட்டின் கடிதங்கள்: தசையா, தண்ணீரா?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஜிம்முக்குப் போகிறவர்கள் கலக்கிக் குடிக்கும் கிரியேட்டின் தூள் பற்றியவை. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். மற்ற மூவரும் கோபிக்க வேண்டாம்.

"தண்ணீரில் கலக்கினால் கரையவே மாட்டேன் என்கிறது. தம்ளரின் அடியில் மணல்போல் நிற்கிறது. கலப்படமா?" (நுவரெலியா)

கலப்படம் இல்லை, உங்கள் ஊர்க் குளிர்தான் காரணம். 20 பாகையில் ஒரு லீட்டர் தண்ணீரில் 14 கிராம் அளவுக்குத்தான் கிரியேட்டின் கரையும். ஐஸ் தண்ணீர்க் குளிரில் அதில் பாதிகூடக் கரையாது. விடியற்காலைக் குழாய்த் தண்ணீரில் போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்லாதீர்கள். சூடான பிளேன்டியில் போட்டுக் கலக்கி உடனே குடியுங்கள், ஒன்றும் கெடாது. தேசிக்காய்த் தண்ணீரில் கரைத்துப் போத்தலில் நாள்கணக்கில் வைத்தால்தான் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளாக மாறி வீணாகும். அடியில் நின்ற மணலையும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிடுங்கள், காசு கொடுத்து வாங்கியது.

"என் எடை 62 கிலோ. நாளுக்கு 20 கிராம் வீதம் 6 நாள் எடுத்தேன். எடை 1.2 கிலோ கூடியது. ஜிம்மில் உள்ள மெஷினில் ஏறினேன், தசை 0.9 கிலோ கூடியதாகச் சீட்டு வந்தது. கிரியேட்டின் சக்தியை மட்டும் தருவதில்லை, நேரடியாகவே தசையை வளர்க்கிறது என்று மாஸ்டர் சொல்கிறார். சரியா?" (ஹட்டன்)

தம்பி, சீட்டின் படத்தையும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. எல்லோரும் இப்படி எழுதினால் என் வேலை பாதியாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 62 கிலோ ஆளின் உடம்பில் 105 கிராம் கிரியேட்டின் இருக்கும், அநேகமாக எல்லாமே தசையில். உங்களைப் போல ஏற்றினால் அது ஐந்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோ உயரும். 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோல் 131 கிராம், ஆகவே 25 கிராம் என்பது 190 மில்லிமோல். கிரியேட்டின் தசைச் செல்லுக்குள் சோடியத்தோடு சேர்ந்து நுழைகிறது. சோடியத்தைச் செல்லின் பம்பு மறுபடி வெளியே தள்ளிவிடும், கிரியேட்டின் உள்ளேயே தங்கும். அது தங்கும் இடத்துக்குத் தண்ணீர் பின்னாலேயே வரும். உடம்புத் திரவத்தில் லீட்டருக்கு 290 மில்லிமோல் அளவு கரைபொருள் உண்டு. 190ஐ 290ஆல் வகுத்தால் 0.65 லீட்டர். ஆக, கிரியேட்டினும் அது இழுத்த தண்ணீரும் சேர்ந்து 700 கிராமுக்குக் கிட்ட. மீதி அரைக் கிலோவுக்குச் சோறும் உப்பும் பதில் சொல்லும்.

இனி அந்தச் சீட்டு. மெஷின் உங்கள் தசையைப் பார்க்கவில்லை. காலிலும் கையிலும் சிறிய மின்னோட்டத்தை விட்டுத் தடையை அளக்கிறது, அதிலிருந்து உடம்பில் எவ்வளவு தண்ணீர் என்று ஊகிக்கிறது. கொழுப்பில்லாத உடம்பில் 73 சதவீதம் தண்ணீர் என்பது அதற்குச் சொல்லிக் கொடுத்த பாடம், ஆகவே தண்ணீரை 0.73ஆல் வகுத்துக் காட்டுகிறது. 0.65ஐ 0.73ஆல் வகுத்துப் பாருங்கள். 0.9 வருகிறதா? உங்கள் சீட்டில் உள்ள எண் அதுதான். தண்ணீர் உள்ளே போனது, மெஷின் அதற்குத் தசை என்று பெயர் வைத்தது, மாஸ்டர் அதை வாசித்தார்.

இந்த மெஷின்களோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜிம்மில் காலை ஆறரைக்கு, கை கால் விறைத்த நிலையில் ஏறினேன். வெந்நீரில் குளித்து, வெயில் ஏறிய பிறகு அதே மெஷினில் மறுபடி ஏறினேன். இடைப்பட்ட நேரத்தில் எனக்கு முக்கால் கிலோ தசை வளர்ந்திருந்தது! தோல் குளிர்ந்திருந்தால் மின்தடை கூடும், தடை கூடினால் தண்ணீர் குறைவு என்று மெஷின் நினைக்கும், அவ்வளவுதான். நம் மலைக்காற்றில் காலைச் சீட்டையும் மாலைச் சீட்டையும் ஒப்பிடுவது வீண். அந்த ஜிம்காரருக்கு இதைச் சொன்னபோது, "சார், ஆட்கள் சீட்டைப் பார்த்துத்தான் மாதக் காசு கட்டுகிறார்கள்" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

உண்மையில் 0.9 கிலோ தசை என்றால் என்ன? தசையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். 180 கிராம் புரதம் ஆறே நாளில் தசையாக நின்றிருக்க வேண்டும், நாளுக்கு 30 கிராம். நீங்கள் எழுதியிருக்கும் ரொட்டி, சம்பல், பருப்புச் சோறு, இரவுக் கருவாடு எல்லாவற்றையும் கூட்டினாலே 55, 60 கிராம்தான். அதில் பாதி அப்படியே தசையில் ஒட்டிக்கொண்டதென்று நம்ப நான் தயாரில்லை.

2025இல் அவுஸ்திரேலியாவில் இதை நேராகவே சோதித்தார்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் ஒரு குழுவுக்கு நாளுக்கு 5 கிராம் கொடுத்தார்கள். பயிற்சியே இல்லாமல் அந்தக் குழுவின் கொழுப்பற்ற எடை மற்றவர்களைவிட அரைக் கிலோ கூடியது. பிறகு 12 வாரம் இரு குழுவும் எடை தூக்கினார்கள். இரண்டுக்கும் கூடியது ஏறக்குறைய 2 கிலோ, வித்தியாசம் இல்லை. முதல் வாரத்து எடையையும் சேர்த்து எண்ணினால் கிரியேட்டின் ஜெயித்ததுபோல் தெரியும், அதைக் கழித்தால் தெரியாது. எல்லா ஆய்வும் இப்படி வெறுங்கையோடு முடிவதில்லை. தசையின் தடிப்பையே ஸ்கேனில் அளந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கிரியேட்டின் பக்கம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல் தெரிகிறது. வளர்ச்சி உண்டு, சின்னது, மாதங்கள் எடுக்கும்.

20 கிராம் தேவையுமில்லை. நாளுக்கு 3 கிராம், ஒரு மாதம், அதே நிரம்பல். இதை எத்தனை முறை எழுதுவது.

"செல் வீங்குவதே தசைக்கு 'வளர்' என்று சமிக்ஞை தருமாமே? அப்படியானால் பயிற்சி இல்லாமலே கிரியேட்டின் எடுத்தால் போதாதா?" (பண்டாரவளை, ஆசிரியை)

கேள்வியின் முதல் பாதி நல்லது. 1990களில் ஜெர்மனியில் ஹௌசிங்கர் என்பவரும் கூட்டாளிகளும் ஈரல் செல்களை வைத்துக் காட்டினார்கள்: செல் வீங்கினால் புரதம் சிதைவது குறைகிறது, சுருங்கினால் கூடுகிறது. எலியின் தசையிலும் வீக்கம், தசை சேமிக்கும் சர்க்கரையான கிளைகோஜன் உண்டாவதைக் கூட்டியது. செல்லின் சவ்வு இழுபடுவதை இன்டெக்ரின் என்ற புரதங்கள் உணர்ந்து உள்ளே செய்தி சொல்கின்றன. ஆகவே இது கட்டுக்கதை இல்லை.

மனிதத் தசையிலும் பார்த்திருக்கிறார்கள். 2008இல் கனடாவில் 12 இளைஞர்களுக்கு 10 நாள் கிரியேட்டின் கொடுத்துத் தசைத்துணுக்கு எடுத்தபோது, நீர் அளவை உணர்வது, செல்லின் உட்கூட்டைத் திருத்துவது போன்ற வேலைகளுக்கான மரபணுக்கள் கூடுதலாக இயங்கின. வளர்ச்சிப் பாதையில் உள்ள சில புரதங்களும் கூடின. இதைத்தான் யாரோ உங்களுக்குப் பாதி வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மறுபாதி இது. மணி அடித்ததா என்று கேட்பது வேறு, பிள்ளைகள் வகுப்புக்குள் போனார்களா என்று கேட்பது வேறு. ஆசிரியைக்கு இதை விளக்கத் தேவையில்லை. தசையில் புரதம் கட்டப்படும் வேகத்தையே அளந்த ஆய்வுகள் உண்டு. 2003இல் பெல்ஜிய, ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் 5 நாள் கிரியேட்டின் கொடுத்தபின் அளந்தார்கள். பட்டினியிலும் சரி, சாப்பாட்டுக்குப் பின்னும் சரி, கட்டுவதும் கூடவில்லை, சிதைவதும் குறையவில்லை. அதே குழு எடைப்பயிற்சிக்குப் பின்னும் அளந்தது, அப்போதும் கிரியேட்டின் தனியாக ஒன்றும் சேர்க்கவில்லை.

ஏன்? ஹட்டன் தம்பியின் 0.65 லீட்டரை எடுங்கள். அவருடைய தசையில் ஏற்கனவே 20 லீட்டர் தண்ணீர் இருக்கிறது. வீக்கம் 3 சதவீதம், அதுவும் ஒரே தடவை. வீங்கிய செல் சும்மா இருக்காது, பொட்டாசியம், டோரின் போன்றவற்றை வெளியே விட்டுப் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். முதல் வாரத்து வீக்கத்தை வைத்து ஆறு மாத வளர்ச்சிக்குக் காரணம் சொல்வது எனக்கு ஒட்டவில்லை.

என்னைச் சற்றுத் தயங்க வைப்பது வேறொன்று. 2006இல் டென்மார்க்கில் 16 வாரம் எடைப்பயிற்சி செய்தவர்களில், கிரியேட்டின் எடுத்தவர்களுக்குத் தசை நாரோடு ஒட்டியிருந்து அதைத் திருத்தி வளர்க்கும் சாட்டலைட் செல்களும், நாருக்குள் கருக்களும் கூடுதலாகப் பெருகின. இது வெறும் தண்ணீர் அல்ல. ஆனால் கிரியேட்டின் எடுத்தவர் எட்டாவது தூக்கலோடு நிற்காமல் ஒன்பதாவதும் தூக்குவார். கருக்களைக் கூட்டியது கிரியேட்டினா, அந்த ஒன்பதாவது தூக்கலா? இரண்டையும் பிரித்தெடுப்பது கஷ்டம். பெரும்பங்கு தூக்கலுக்குத்தான் என்பது என் கணிப்பு. பயிற்சி இல்லாமல் எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது அரைக் கிலோ தண்ணீர்.

"மகன் லயத்துப் படியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். தசை மெலியாமலிருக்க கிரியேட்டின் கொடுக்கலாமா?" (தலவாக்கலை)

அம்மா, கட்டு இருக்கும்வரை அதனால் தசை நிற்காது. 2001இல் பெல்ஜியத்தில் சுகமாக இருந்த ஆட்களின் காலையே இரண்டு வாரம் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். கிரியேட்டின் எடுத்தவர், எடுக்காதவர் எல்லோருக்கும் தொடைத்தசை ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது. வீக்கச் சமிக்ஞை மட்டும் போதுமென்றால் இங்கேதான் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கட்டை அவிழ்த்துவிட்டு 10 வாரம் பயிற்சி கொடுத்தபோது, எடுத்தவர்களின் தசை சீக்கிரம் பழைய பருமனுக்கு வந்தது. ஆகவே இப்போது முட்டையும் நெத்தலியும் பருப்பும் கொடுங்கள். கட்டை அவிழ்த்துப் பிசியோதெரபி தொடங்கும்போது வைத்தியரிடம் கேட்டு, மகனின் வயதையும் சொல்லிவிட்டு, 3 கிராம்.

"நல்ல கிரியேட்டின் எது? உடனே பதில் தேவை. அவசரம்."

ஊர் இல்லை, வயது இல்லை, எடை இல்லை, நோய் நொடி உண்டா இல்லையா தெரியாது. அவசரம் மட்டும் இருக்கிறது. மொனோஹைட்ரேட் என்று எழுதிய, வேறெதுவும் சேர்க்காத தூளாக வாங்குங்கள். 'செல் வீக்க ஃபார்முலா' என்று விலையை மூன்று மடங்காக்கி விற்பதை வாங்காதீர்கள், சாதாரணத் தூளும் அதே வீக்கத்தைத்தான் தரும். மிச்சத்தை ஒழுங்காக எழுதினால் சொல்கிறேன்.

"சைவம் மட்டும் சாப்பிடுகிறேன். எனக்கும் வேலை செய்யுமா?" (மஸ்கெலியா)

மற்றவர்களைவிடக் கூடவே. இறைச்சி, மீன் இல்லாதவர் தசையில் இருப்பு குறைவு, அதனால் நிரம்ப இடம் அதிகம். முதல் வார எடையும் கூடுதலாக ஏறும், பயப்படாதீர்கள். தூள் ஆலையில் செய்வது, மாமிசத்திலிருந்து எடுப்பதில்லை.

"இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.4 வந்தது. சிறுநீரகம் போய்விட்டதா?" (பதுளை)

கிரியேட்டின் எடுப்பதை டொக்டரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. தசையில் உள்ள கிரியேட்டினில் நூற்றில் ஒன்றோ இரண்டோ தினமும் கிரியேட்டினினாக மாறி இரத்தத்துக்கு வரும். இருப்பைக் கூட்டினால் அதுவும் கொஞ்சம் கூடும், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும்கூட. ஆனால் அதனால்தான் 1.4 வந்தது என்று நான் இங்கே இருந்து சொல்ல முடியாது, உங்களுக்குப் பிரஷர் உண்டென்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள். தசை இருப்பு பழைய நிலைக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வைத்தியர் அதுவரை காத்திருக்கச் சொன்னால் அதன்பின் மறுபடி இரத்தம் கொடுங்கள், இல்லையென்றால் சிஸ்டாடின் சி என்ற பரிசோதனையைக் கேளுங்கள், அதைக் கிரியேட்டின் குழப்பாது. போகும்போது தூள் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.