பன்னிரண்டு வயதில் யார் கெட்டிக்காரன்? சுங்கை சிப்புட் திடலிலிருந்து சில கேள்விகள்

சார், அடுத்த மாசம் காற்பந்துக்குத் தேர்வு வைக்கிறோம். 12 வயசுப் பிள்ளைங்க 40 பேர் வருவாங்க, 16 இடந்தான். 30 மீட்டர் ஓட்டம் வச்சு, வேகமானவங்கள எடுத்துடலாமா?
(தோட்டத்துத் திடலில் புதிதாகப் பயிற்சி தரும் தம்பி)

ஓட்டம் வையுங்கள் தம்பி, ஆனால் அதை மட்டும் வைத்து ஆள் எடுக்காதீர்கள். நான் அப்படி எடுத்து ஏமாந்தவன்.

எங்கள் தேர்வுக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஜனவரிப் பையன் 154 சென்டிமீட்டர் உயரம், 30 மீட்டரை 4.9 வினாடியில் ஓடினான். நவம்பர்ப் பையன் 138 சென்டிமீட்டர்தான், 5.5 வினாடி. பெரியவனை எடுத்தேன். சின்னவன், அக்காவும் எங்களிடம் பயிற்சிக்கு வந்ததால், அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தான். விரட்ட மனமில்லை, நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நான் போடாத கணக்கு இதுதான். பையனுடைய அப்பா அம்மா உயரத்தைக் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் அவன் வளர்ந்த பிறகு ஏறக்குறைய எவ்வளவு இருப்பான் என்று தெரியும். பெண் பிள்ளைக்கு 13-ஐக் கழிக்க வேண்டும். பெரியவனின் பெற்றோர் 168, 155. அப்படியானால் அவனுக்கு 168 வருகிறது. 154 என்பது அதில் 92 விழுக்காடு. சின்னவனின் பெற்றோர் 170, 156. அவனுக்கு 169.5 வருகிறது, 138 என்பது 81 விழுக்காடு. பையன்கள் கிடுகிடுவென வளரும் காலத்தின் உச்சம் ஏறக்குறைய 92 விழுக்காட்டில்தான் வரும். அதாவது ஒருவன் உச்சத்தில் நிற்கிறான், மற்றவனுக்கு அது இன்னும் தொடங்கவே இல்லை. நான் அளந்தது வேகத்தை அல்ல, யாருக்கு முதலில் மீசை முளைக்கும் என்பதை.

இந்தக் கணக்கு எட்டுப் பத்து சென்டிமீட்டர் தவறலாம், அதனால் ஒருவனை நீக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். அப்புறம், அப்பாமார் வாயால் சொல்லும் உயரத்தை நம்பவேண்டாம். செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தி நீங்களே அளங்கள்.

இங்கிலாந்தில் காற்பந்துக் கழகங்களின் இளையர் பிரிவுகளில், வளர்ந்த பிறகு இருக்கப்போகும் உயரத்தில் 85 முதல் 90 விழுக்காட்டில் இருப்பவர்களை வயது பாராமல் ஒன்றாக ஆடவிட்டுப் பார்த்தார்கள். சீக்கிரம் வளர்ந்த பையன்கள், முட்டித் தள்ளி ஓடமுடியாமல் மூளையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. சிறியவர்களுக்குப் பந்து காலில் தங்கியது. நீங்களும் மூன்று சனிக்கிழமை இப்படி நான்குக்கு நான்கு ஆடவிடுங்கள். பந்து வருவதற்கு முன் யார் தலையைத் திருப்பிப் பார்க்கிறான், போன வாரம் சொன்னதை இந்த வாரம் யார் செய்கிறான் என்று குறித்து வையுங்கள். 40 பேரில் 16 பேரை எடுத்தாலும் மற்ற 24 பேருக்கும் வாரம் ஒரு நாள் கதவு திறந்தே இருக்கட்டும்.

அப்ப ரொம்ப சுலபம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் பிள்ளைங்களுக்கு நாலு இடம் ஒதுக்கிட்டா சரியாப் போச்சு. கனடா ஐஸ் ஹாக்கியில கூட ஜனவரிப் பிள்ளைங்கதான் அதிகம்னு கண்டுபிடிச்சாங்களே.
(ஓய்வுபெற்ற கிராணி ஒருவர்)

கனடா விஷயம் சரிதான் ஐயா, 1985-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் பிறந்த மாதம் வேறு, உடல் முதிர்வது வேறு. எட்டு வயதில் ஜனவரிப் பிள்ளைக்கு இருக்கும் வசதி, பத்து மாதம் கூடுதலாக ஓடியாடிப் பழகியது. 12, 13 வயதில் வருகிற பெரிய வித்தியாசம் பருவமடைவதால் வருவது. டிசம்பரில் பிறந்து 13 வயதில் மீசையோடு நிற்பவனும் உண்டு, ஜனவரியில் பிறந்து 15 வயது வரை பிள்ளையாகவே இருப்பவனும் உண்டு. மாதம் பார்த்து இடம் ஒதுக்கினால் அந்த ஜனவரிப் பொடியன் இரண்டு பக்கமும் அடிபடுவான்.

என் மகனுக்கு 13 வயசு, பூப்பந்து மட்டுந்தான். வாரத்துல அஞ்சு நாள், ரெண்டரை மணி நேரம், பள்ளிக் குழுவுல இன்னும் மூணு மணி. ரெண்டு மாசமா முழங்கால் வலி. தைலம் போட்டும் போகல. கோச் சோம்பேறித்தனம்னு சொல்றாரு.
(ஒரு தாய்)

சோம்பேறித்தனமாக எனக்குப் படவில்லை அம்மா. முழங்கால் சில்லுக்குக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தை அழுத்தினால் வலிக்கிறதா பாருங்கள். குதிக்கும்போதும் படி ஏறும்போதும் அங்கேயே வலித்தால், வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு வரும் வலியாக இருக்கலாம். தொடைத் தசை, சில்லுக்குக் கீழே இருக்கும் பட்டையை இழுக்கிறது, பட்டை இன்னும் இறுகாத எலும்பு முனையை இழுக்கிறது. ஸ்மாஷுக்குக் குதிக்கும் ஒவ்வொரு முறையும் இழுக்கும். வீக்கம், இரவில் எழுப்பும் வலி, நொண்டல் இருந்தால் காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் இரண்டு மாதம் ஆனதால் ஒருமுறை காட்டுவது நல்லது.

உங்கள் கணக்கில் வாரம் பதினைந்தரை மணி நேரம் வருகிறது. சிகாகோ பக்கம் 7 முதல் 18 வயதுப் பிள்ளைகளைப் பார்த்த மருத்துவர் ஜெயந்தி குழுவினர் 2015-இல் சொன்னது, வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி செய்தவர்களுக்கு ஓயாத உழைப்பால் வரும் காயம் கூடுதல் என்று. 13 வயதுக்கு 13 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வேகமாக வளரும் நாளில் அதுவும் அதிகம்.

சுவரில் கோடு போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எப்போதும் காலையிலேயே அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டர் ஏறினால் அது வேக வளர்ச்சி. அந்தக் காலத்தில் நாங்கள் குதிப்பதைப் பாதியாக்கி, வலைக்கருகே ஆடும் கைவேலையைக் கூட்டுவோம். கோச்சிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள், வாய்ச்சண்டை வேண்டாம்.

ஒரே விளையாட்டு கூடாதுன்னு நீங்க சொன்னதக் கேட்டு, பத்து வயசு மகள திங்கள் சிலம்பம், செவ்வாய் நீச்சல், புதன் பூப்பந்து, வியாழன் ஓட்டம்னு நாலு வகுப்புல சேர்த்துட்டேன். போதுமா சார்?
(ஒரு தந்தை)

ஐயோ, நான் டியூஷன் அட்டவணை கேட்கவில்லை! இரண்டை எடுத்துவிடுங்கள். வகுப்பு இரண்டு மணி நேரம் என்றால், பெரியவர் விசில் இல்லாமல் விளையாடுவது ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். எங்கள் திடலில் கடைசி 20 நிமிடம் நாங்கள் வாயே திறப்பதில்லை. அவர்களே ஆள் பிரித்து, கோடு கிழித்து, சண்டையும் போட்டு ஆடுவார்கள். யார் எதைத் தானாகத் தேடிப் போகிறாள் என்பது அப்போதுதான் தெரியும்.

இதெல்லாம் பேச நல்லாயிருக்கு. விளையாட்டுப் பள்ளிக்குப் படிவம் ஒண்ணுலேயே ஆள் எடுக்குறாங்க. 14 வயசு வரைக்கும் சுத்திட்டு வந்தா யாரு சேர்த்துக்குவா?
(பூப்பந்து மண்டபம் நடத்துபவர்)

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2022-இல் ஆய்வாளர் குல்லிக் குழுவினர் 6,096 விளையாட்டாளர்களின் கணக்கை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பெரியவர்களான பிறகு உலக உச்சிக்குப் போனவர்கள், சிறுவயதில் பல விளையாட்டு ஆடி, தங்கள் விளையாட்டைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கி, மெதுவாக முன்னேறியவர்கள். இளையர் போட்டியில் வென்றவர்களின் கதை நேர்மாறு. நம் தேர்வு பார்ப்பது அந்த இரண்டாவது கூட்டத்தைத்தான். அந்தக் கதவை நீங்களும் நானும் மாற்றமுடியாது. ஜிம்னாஸ்டிக் போல இளம் வயதிலேயே உச்சத்துக்குப் போகும் விளையாட்டுகளுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது என்பதும் உண்மை. பூப்பந்தில் மணிக்கட்டும் கால் வைப்பும் எட்டு வயதில் பழகட்டும், நான் தடுக்கவில்லை. எட்டு வயதில் தொடங்குவது ஒன்று, அன்றோடு மற்றதை எல்லாம் நிறுத்துவது வேறொன்று.

சார், அந்த ரெண்டு பையனும் இப்ப எங்க?
(முதல் கேள்வி கேட்ட தம்பி)

பெரியவன் படிவம் இரண்டில் நின்றுவிட்டான். மற்றவர்கள் உயரத்தில் எட்டிப் பிடித்தபோது, எதிராளியை ஓடிக் கடப்பதைத் தவிர அவனுக்கு நான் எதுவும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. சின்னவன் இப்போது படிவம் மூன்று, போன அளவில் 161 சென்டிமீட்டர். பந்தை நன்றாகவே வைத்துக்கொள்கிறான். ஆனால் மூன்று வாரமாகச் செப்பாக் தக்ராவ் வலைப் பக்கம்தான் நிற்கிறான்.